கெண்டைக்காலில் பிடிப்பது ஒன்று, உடம்பெல்லாம் மாறி மாறிப் பிடிப்பது இன்னொன்று

கேள்வி: வாரத்துல ஆறு நாள் வெயில்ல கான்கிரீட் வேலை, ஞாயிறு கால்பந்து. மேட்ச்ல 70 நிமிஷம் தாண்டினா வலது கெண்டைக்கால் கல்லு மாதிரி பிடிச்சுக்குது. வேலை நாள்ல சில சாயந்திரம் குளிக்கும்போது கை, வயிறு, தொடைன்னு மாறி மாறி இழுக்குது. தண்ணி நிறையவே குடிக்கிறேன், வாழைப்பழமும் சாப்பிடுறேன். அப்புறமும் ஏன் வருது?

பதில்:

உங்களுக்கு இரண்டு தனித்தனித் தொந்தரவுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி வலிப்பதால் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருவது களைத்துப்போன ஒரு தசையின் பிடிப்பு. வேலை நாள் சாயங்காலம் வருவது வியர்வையில் உப்பு போனதால் வரும் பிடிப்பு. முதலாவதற்கு உப்பும் தண்ணீரும் பெரிதாக உதவாது. இரண்டாவதற்கு நீங்கள் குடிக்கும் வெறும் தண்ணீரே ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடமாகக் கால்பந்து அணிகளோடு இருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு பெரிய கட்டுமானத் தளத்தின் முதலுதவி அறையில் மூன்று கோடைகள் வேலை பார்த்தேன். இரண்டு வகைப் பிடிப்பையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். பிடித்துக்கொண்டால் நம் ஆட்கள் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பார்கள். டாக்டர்கள் சிலர் "நரம்பு இல்லை, தசை" என்று திருத்துவார்கள். உண்மையில் பேச்சு வழக்கே சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தசை தானாக இறுகுவதில்லை. இறுகு என்று நரம்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது, நிறுத்த மறந்துவிடுகிறது.

ஏன் மறக்கிறது? ஒவ்வொரு தசையிலும் இரண்டு விதமான உணர்விகள் உண்டு. தசையின் நடுவில் திரண்ட பகுதியில் இருப்பது, தசை நீளும்போது "இறுக்கு" என்று தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தசை எலும்போடு சேரும் தசைநாரில் இருப்பது, இழுவிசை ஏறும்போது "போதும், விடு" என்று சொல்லும். தெம்பாக இருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. தசை களைக்கக் களைக்க முதலாவது அதிகமாகக் கத்துகிறது, இரண்டாவதின் குரல் அடங்கிவிடுகிறது. இந்த நேரத்தில் தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருந்தால் தசைநார் தொய்ந்துபோய், "விடு" என்பவன் வாயே திறக்கமாட்டான். பந்தை நீட்டி உதைக்கும்போதும், தலையால் முட்ட எம்பும்போதும் நுனிக்கால் கீழே நீண்டு, கெண்டைச் சதை முழுசாகச் சுருங்கியிருக்கும். உங்களுக்குப் பிடித்த தருணங்களை யோசித்துப் பாருங்கள். நேராக ஓடும்போது வந்ததைவிட, இப்படி எம்பியபோதோ நீட்டியபோதோ வந்ததுதான் அதிகமாக இருக்கும்.

இது களைப்பு விவகாரம் என்று எப்படித் தெரியும் என்றால், நீண்ட தூர ஓட்டக்காரர்களையும் டிரையத்லான் வீரர்களையும் பந்தயம் முடிந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நடுவே சோடியத்திலோ உடம்பின் நீரிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. முன்பு பிடிப்பு வந்த வரலாறும், வழக்கத்தைவிட வேகமாக ஓடியதும்தான் பிரித்துக் காட்டின. இன்னொன்றும் இருக்கிறது. நீட்டிப் பிடித்தால் பிடிப்பு உடனே விடுகிறது. உப்புக் குறைவுதான் காரணம் என்றால், காலை நீட்டினால் ரத்தத்தில் உப்பு ஏறிவிடுமா என்ன?

உங்கள் மேட்சில் எவ்வளவு வியர்க்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். வார்ம்-அப்புக்கு முன் உள்ளாடையோடு எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு அதே மாதிரி பாருங்கள். முன்பு 64.0 கிலோ, பின்பு 62.9 கிலோ, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 1.1 கிலோவோடு குடித்த அரை லிட்டரையும் கூட்டினால் வியர்வை 1.6 லிட்டர். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து 1 கிராம் முதல் 4 கிராமுக்கு மேல் வரை உப்பு போகும். நடுவாக 2.5 கிராம் என்று வைத்தால் மொத்தம் 4 கிராம். ஒரு நாள் சாப்பாட்டிலேயே இதைவிட அதிகம் வந்துவிடும். அப்படியானால் வலது கெண்டைக்கால் மட்டும், அதுவும் எப்போதும் 70 நிமிடத்துக்குப் பிறகு பிடிப்பதற்கு வேறு காரணம்தான் தேட வேண்டும். ரத்தம் உடம்பு முழுக்க ஒன்றுதானே, உப்பு குறைந்தால் வலது காலுக்கு மட்டும் குறையுமா?

இதே மாதிரி ஒரு சைடு-பேக் என்னிடம் வந்தார். அவருக்கும் வலது கெண்டைக்கால், அவருக்கும் 70-75 நிமிடம். இரண்டு சீசனாக உப்பு மாத்திரை, மெக்னீசியம், அமுக்கு காலுறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் செய்ததெல்லாம் ஒரு சின்னச் சோதனை. சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கச் சொன்னேன், இரண்டு விநாடிக்கு ஒன்று வீதம். இடது காலில் 24 போனார். வலது காலில் 14-வதிலேயே உயரம் பாதியாகிவிட்டது. கேட்டால், போன வருடம் வலது கணுக்கால் பிசகி ஆறு வாரம் உட்கார்ந்திருந்தாராம். வீக்கம் வடிந்ததும் நேராக மேட்சுக்குப் போய்விட்டார், சதைக்குப் பழைய பலம் திரும்பவே இல்லை. எல்லாக் காலும் 90 நிமிட வேலை பார்க்க, அந்தச் சதைக்கு மட்டும் அது 120 நிமிட வேலையாக இருந்திருக்கிறது.

வாரத்துக்கு மூன்று நாள் அதே குதிகால் தூக்கல்தான் மருந்து. படிக்கட்டின் விளிம்பில் நின்று, குதிகால் படிக்குக் கீழே இறங்கும் வரை போய், மூன்று சுற்று, ஒவ்வொன்றும் இன்னும் இரண்டு முடியும் என்ற அளவில் நிறுத்துவது. மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுப் பையில் 5 கிலோ, பிறகு 10 கிலோ. அதோடு வாரம் ஒருநாள் பயிற்சியின் கடைசியில், களைத்திருக்கும்போது, பத்துக் குறுகிய வேக ஓட்டங்கள். பிடிப்பு வருவது களைப்பில்தான் என்றால் பயிற்சியும் களைப்பில்தான் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் வலது கால் 22 தொட்டது. அதன் பிறகு அந்த சீசனில் ஒரே ஒரு முறை பிடித்தது, அதுவும் கூடுதல் நேரம் போன மேட்சில்.

நீங்களும் அந்த எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். இரண்டு காலுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்கள் கதையும் அதுதான். வித்தியாசம் இல்லையென்றால் சனிக்கிழமையைப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை பாரம் தூக்கி ஏணி ஏறிய கால், ஞாயிறு காலை பாதிக் களைப்போடுதான் மைதானத்துக்கு வருகிறது. முடிந்தால் சனிக்கிழமை பாரம் குறைந்த வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் முதல் அரை மணி நேரத்தில் எல்லாப் பந்துக்கும் ஓடுவதையாவது விடுங்கள். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு மாவுச்சத்துள்ள சாப்பாடு வயிற்றில் போயிருக்கட்டும். எரிபொருள் தீர்ந்த தசை சீக்கிரம் களைக்கும்.

மைதானத்தில் பிடித்துவிட்டால் செய்ய வேண்டியது. முழங்காலை நேராக வைத்து, பாதத்தை முன்கால் எலும்புப் பக்கமாக மெதுவாக மடக்குங்கள். முழங்காலை மடக்கினால் கெண்டைச் சதையில் வெளியே திரண்டு தெரியும் தசை முழுசாக நீளாது, பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். கூட இருப்பவர் வெடுக்கென்று அமுக்கக் கூடாது. ஏற்கெனவே முழு பலத்தோடு இறுகியிருக்கும் தசையை அப்படி இழுத்தால் நார் கிழியும். நீங்களும் கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். முன்கால் தசை வேலை செய்யும்போது, பின்பக்கத் தசைக்கு ஓய்வுகொடு என்று தண்டுவடமே உத்தரவு போடும். கட்டி கரைந்த பிறகும் அரை நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். எழுந்ததும் உடனே வேக ஓட்டம் வேண்டாம், சில நிமிடம் அந்தத் தசை மறுபடி பிடிக்கக் காத்துக்கொண்டிருக்கும்.

இடையில் ஒரு வேடிக்கையான சங்கதி. வெள்ளரிக்காய் ஊறுகாயின் வினிகர் நீரை ஒரு மடக்கு குடித்தால் பிடிப்பு விடும் என்று வெளிநாட்டு விளையாட்டு வீரர்களிடம் ஒரு நம்பிக்கை. 2010-இல் ஆய்வகத்தில் மின்தூண்டலால் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை வரவழைத்துச் சோதித்தார்கள். தண்ணீர் குடித்தபோது 134 விநாடி நீடித்தது, ஊறுகாய் நீர் குடித்தபோது 85 விநாடியில் விட்டது. அதற்குள் அது ரத்தத்தில் கலந்திருக்க வாய்ப்பே இல்லை. புளிப்பின் சுரீர் தொண்டையில் பட்டதும் நரம்பு வழியாகவே தண்டுவடத்தை அமைதிப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைக்கு நியாயமான விளக்கம். மறுபடி நரம்புக்கே வந்துவிட்டோம் பாருங்கள். நான் என் பையில் அதை வைத்துக்கொள்வதில்லை. நீட்டிப் பிடிப்பது அதைவிட வேகம்.

இப்போது உங்கள் வேலை நாள். இது முற்றிலும் வேறு கதை, நூறு வருடம் பழைய கதை. 1920-களில் பிரிட்டனின் ஆழமான, சூடான நிலக்கரிச் சுரங்கங்களில் ஆட்கள் மணிக்கணக்கில் வியர்த்து, வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து, கை கால் வயிறெல்லாம் சுருண்டு விழுந்தார்கள். மாஸ் என்ற ஆய்வாளர் 1923-இல் அதை எழுதி வெளியிட்டார். குடிநீரில் கொஞ்சம் உப்பு போட்டதும் அடங்கியது. 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியபோதும் இதே பிடிப்பு வந்தது. ஹார்வர்டிலிருந்து வந்த குழு, பிடிப்பு வந்த ஆட்களின் ரத்தத்தில் உப்பு குறைந்திருந்ததையும் சிறுநீரில் கிட்டத்தட்ட உப்பே இல்லாததையும் கண்டது. உப்பு கொடுத்தால் தீர்ந்தது. மைதானத்துப் பிடிப்புக்கு உப்பு முக்கியமில்லை என்று மேலே சொன்னதை இங்கே கொண்டுவரக் கூடாது, தளத்துப் பிடிப்புக்கு உப்பே முக்கியம்.

உங்கள் கணக்கையே போடுவோம். காலை 64.0 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் கழித்து 63.0 கிலோ, நடுவில் 2 லிட்டர் குடித்தீர்கள், சிறுநீர் போகவில்லை. ஆக வியர்வை 3 லிட்டர், மணிக்கு ஒரு லிட்டர். ஏழு மணி நேர வேலைக்கு 7 லிட்டர். அதே 2.5 கிராம் வைத்தால் 17.5 கிராம் உப்பு வெளியே போகிறது. சாப்பாட்டில் சுமார் 9, 10 கிராம் வருகிறது என்றாலும் பாதிதான் திரும்புகிறது. மீதிக்குப் பதிலாக வெறும் தண்ணீர் உள்ளே போகிறது. தண்ணீர் கூடி உப்பு குறைந்தால் ரத்தம் நீர்த்துப் போகும், நரம்பு முனைகளைச் சுற்றியுள்ள திரவத்தின் சமநிலை கெட்டு அவை கொஞ்சம் தொட்டாலும் துடிக்கிற நிலைக்கு வருகின்றன.

இந்த வகையை அடையாளம் காண்பது கடினமில்லை. திடீரென்று பிடிக்காது. அரை மணி நேரம் முன்பே தோலுக்குக் கீழே புழு நெளிவது போல் சின்னச் சின்னத் துடிப்பு வரும். ஒரே தசையில் நிற்காது, கையில் விட்டால் தொடை, தொடையில் விட்டால் வயிறு. கரண்டியைப் பிடித்த விரல்கள் விரிய மறுக்கும். வேலை முடிந்து உடம்பு ஆறும்போது, குறிப்பாகக் குளிக்கும்போது வரும், நீங்கள் சொன்ன மாதிரியே. சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். நீட்டினால் அந்த இடம் விடும், ஆனால் பத்து நிமிடத்தில் பக்கத்தில் பிடிக்கும். கடைசி அடையாளம் தான் எனக்கு மிக நம்பகமானது. முதலுதவி அறையில் ஒருவருக்கு நான் கெண்டைக்காலை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தபோதே அவருடைய வயிறு பலகையாக இறுகியது. கேட்டால், காலையிலிருந்து ஒன்பது லிட்டர் தண்ணீர் குடித்தாராம், பெருமையாகச் சொன்னார். மதியச் சாப்பாடு இறங்கவில்லையாம். அதாவது உப்பு உள்ளே போகும் ஒரே வழியும் அன்று அடைபட்டிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது, நாளுக்கு ஆறு லிட்டர் குடிக்கிறீர்கள் என்றால் அதில் மூன்று லிட்டரை உப்பு நீராக்குவது. லிட்டருக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி சமையல் உப்பு, சுமார் 3 கிராம். சுவைக்கு எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கலாம். இல்லையென்றால் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்து இரண்டு லிட்டர். விளையாட்டு பானங்களில் உப்பு இதைவிட வெகு குறைவு, சர்க்கரைதான் அதிகம். உப்பு மாத்திரையை அப்படியே விழுங்க வேண்டாம், வயிற்றைப் புரட்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ இந்த அளவுகள் உங்களுக்கில்லை, உங்கள் மருத்துவர் சொன்னால்தான்.

குடிக்கும் வேகம் கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி. மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டவே கூடாது. சாயங்கால எடை காலை எடையைவிட ஏறியிருந்தால், அன்று வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். தலைவலி, வாந்தி, கை விரல் மோதிரம் இறுகுவது, பேச்சுத் தடுமாற்றம் இதோடு சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறைந்திருக்கலாம். அப்போது இன்னும் தண்ணீர் கொடுப்பதுதான் மிக மோசமான உதவி, நேராக மருத்துவமனை.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். சாயங்காலப் பிடிப்பு எல்லா நாளும் வருகிறதா, இல்லை விடுப்பு முடிந்து வந்த முதல் வாரத்திலும் வெயில் திடீரென்று ஏறிய நாட்களிலும்தானா? பெரும்பாலும் இரண்டாவதுதான் பதிலாக இருக்கும். வெயிலுக்குப் பழகாத உடம்பு வியர்வையில் உப்பை வாரி இறைக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் தினமும் வெயிலில் வேலை பார்த்தால் வியர்வைச் சுரப்பிகள் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் அந்தப் பழக்கத்தில் கணிசமான பகுதி போய்விடும். அதனால் திரும்பி வந்தவர் முதல் நாள் பாதி வேலை, அடுத்த நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுசு என்று ஏற வேண்டும் என்பது வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்கான வழிமுறை. புதிதாகச் சேர்ந்தவருக்கு இன்னும் மெதுவாக, முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு. மேஸ்திரி ஒப்புக்கொள்வாரா என்றால், ஒப்புக்கொள்ளாத மேஸ்திரிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். குறைந்தபட்சம் அந்த முதல் வாரத்திலாவது உப்பு நீரை விடாதீர்கள். பழகிய பிறகு, சட்டையில் உப்பு பூப்பது குறைந்ததும், மூன்று லிட்டரை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வாழைப்பழத்துக்கு வருகிறேன். அதில் இருப்பது பொட்டாசியம், ஒரு பழத்தில் சுமார் 400 மில்லிகிராம். வியர்வையில் பொட்டாசியம் கொஞ்சம்தான் போகிறது, போவது பெரும்பாலும் சோடியம். அது பழத்தில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பசிக்குச் சாப்பிடுங்கள், பிடிப்புக்கு மருந்தாக வேண்டாம்.

பிடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாத சில நிலைமைகள் உண்டு. வேலைக்கோ மேட்சுக்கோ பிறகு சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போய், தசை வலியும் வீக்கமும் மறுநாளும் குறையாமல் இருந்தால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தில் அடைத்துக்கொண்டிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். ஒரே கெண்டைக்கால் சூடாக வீங்கி, நீட்டினாலும் விடாமல் நாள்கணக்கில் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், நீவிவிடாதீர்கள். வெயிலில் பிடிப்போடு ஒருவர் உளற ஆரம்பித்தால் உப்பு, தண்ணீர் எதையும் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை அவரை நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.